விற்பனை மாட்யூலில் இருந்து இ-இன்வாய்ஸ் போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

இந்தியாவில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களும் வந்துவிட்டார்கள். அதனால் ஐடி ஆள் இல்லாத நிறுவனங்களும் இன்று விற்பனை மாட்யூலில் ஒரு பட்டனை அழுத்தி, பில்லை நேரடியாக அரசு போர்ட்டலுக்கு அனுப்புகின்றன. சரியாகப் போனால் ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணும் கையொப்பமிட்ட க்யூஆர் கோடும் திரும்பி வரும். போகாவிட்டால் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும், லாரி வாசலில் காத்திருக்கும்.

அந்தச் சிவப்பு வரியை மட்டும் நம்பாதீர்கள். பல மாட்யூல்கள் போர்ட்டல் சொன்ன பதிலைச் சுருக்கி, "இ-இன்வாய்ஸ் தோல்வி" என்று மட்டும் காட்டும். முதல் வேலை, போர்ட்டல் அனுப்பிய முழுப் பதிலைப் பார்ப்பது. இஆர்பிநெக்ஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு அது `Integration Request` பட்டியலில் இருக்கும். மற்ற மென்பொருள்களில் ஏபிஐ லாக் என்ற பெயரிலோ, பில்லின் அடியில் உள்ள குறிப்புகளிலோ இருக்கும். அதில் `ErrorCode` என்ற நான்கு இலக்க எண்ணும், சில சமயம் `InfoDtls` என்ற கூடுதல் தகவலும் வரும். பில் விவரங்களை வைத்து நாம் அனுப்பிய ஜேசான் கோப்பையும் அதே இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் பில்லும் உண்மையில் அனுப்பப்பட்ட ஜேசானும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதிப் பிரச்சினைகள் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

## அறிகுறி: எந்த பில்லும் போகவில்லை

ஒரு பில் மட்டும் நின்றால் அந்த பில்லில் கோளாறு. எல்லாமே நின்றால் உள்நுழைவில் கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே பாதி நேரம் மிச்சம்.

`1005`, `Invalid Token` என்று வந்தால் டோக்கன் காலாவதி ஆகியிருக்கிறது. போர்ட்டல் தரும் டோக்கன் ஆறு மணி நேரம் செல்லும். மாட்யூல் பழைய டோக்கனைச் சேமித்து வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததைக் கவனிக்காமல் அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். சேமித்த டோக்கனை அழித்துவிட்டு மீண்டும் அனுப்பினால் சரியாகிவிடும். தினமும் இதே கதை என்றால், சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரம் பின்தங்கியிருந்தால், முடிந்துபோன டோக்கன் இன்னும் உயிரோடு இருப்பதாக மாட்யூல் நினைத்துக்கொள்ளும்.

பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு என்று வந்தால், பெரும்பாலும் யாரோ போர்ட்டலில் நுழையும் பாஸ்வேர்டை மாட்யூலில் போட்டிருப்பார்கள். அது வேறு, ஏபிஐ பயனர் வேறு. இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏபிஐ பதிவுப் பகுதிக்குப் போய், நீங்கள் எந்த ஜிஎஸ்பி, அதாவது இடைநிலைச் சேவை நிறுவனம், வழியாக அனுப்புகிறீர்களோ அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு ஜிஎஸ்டிஐஎன்னுக்கும் தனித்தனியாக. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கிளை இருந்தால் இரண்டு பதிவு. சோதனைத் தளத்தில் வேலை செய்த விவரங்கள் உண்மையான தளத்தில் செல்லாது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: `2150`, `Duplicate IRN`

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன். மற்ற பிழைகள் பில்லை நிறுத்தும், அவ்வளவுதான். இது கவனிக்காமல் விட்டால் தவறான பில்லைச் சரியானதுபோல் வெளியே அனுப்பிவிடும்.

ஐஆர்என் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு ஹேஷ் போடுகிறார்கள். அவ்வளவுதான். வாங்குபவர் யார், பொருள் என்ன, தொகை எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே அதே எண்ணில் தொகையை மாற்றி அனுப்பினாலும், போர்ட்டலுக்கு அது ஏற்கெனவே பதிவான பில்தான்.

இப்போது ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனம். பெங்களூருக்கு ஒரு பில்: எண் `KV/25-26/0412`, வரிக்கு முந்தைய மதிப்பு 1,00,000 ரூபாய், 18 சதவீத ஐஜிஎஸ்டி 18,000, மொத்தம் 1,18,000. பட்டனை அழுத்துகிறார்கள். திரை சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் டைம்அவுட் என்று வருகிறது. போகவில்லை என்று நினைத்து பில்லை மறுபடி திறக்கிறார்கள். திறந்த பிறகுதான் ஒரு பொருளின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது தெரிகிறது. குறைக்கிறார்கள். மதிப்பு 90,000, வரி 16,200, மொத்தம் 1,06,200. மீண்டும் பட்டன். இந்தமுறை பதில் வருகிறது:

```json
"ErrorDetails": [
  {"ErrorCode": "2150", "ErrorMessage": "Duplicate IRN"}
],
"InfoDtls": [
  {"InfCd": "DUPIRN",
   "Desc": {"AckNo": "...", "AckDt": "...", "Irn": "..."}}
]
```

நடந்தது இதுதான். முதல் தடவையே போர்ட்டல் பில்லை வாங்கி, ஐஆர்என் கொடுத்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பதில் தொலைந்துபோயிற்று. `DUPIRN` என்பது அந்தப் பழைய ஐஆர்என்னை நமக்குத் திருப்பிக் காட்டுகிறது.

பல மாட்யூல்கள் இந்த இடத்தில் உதவி செய்வதாக நினைத்து, அந்த ஐஆர்என்னைத் தானாக எடுத்து பில்லில் ஒட்டிவிடும். பில் திருத்தப்படாமல் இருந்தால் அது சரியான செயல்தான். நம் நிகழ்வில் அது ஆபத்து. அச்சடித்த காகிதத்தில் 1,06,200 இருக்கும். போர்ட்டலிலும் க்யூஆர் கோடிலும் 1,18,000 இருக்கும். இ-இன்வாய்ஸ் விவரம் தானாக ஜிஎஸ்டிஆர்-1க்குப் போகிறது. அங்கிருந்து வாங்குபவரின் ஜிஎஸ்டிஆர்-2பியில் 18,000 ரூபாய் வரி தெரியும். அவர் கையில் உள்ள பில்லில் 16,200. மாதக் கடைசியில் அவருடைய கணக்காளர் போன் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அதனால் `2150` வந்தவுடன் செய்ய வேண்டிய ஒரே காரியம், போர்ட்டலில் பதிவான தொகையையும் நம் பில்லின் தொகையையும் ஒப்பிடுவது. அந்த ஐஆர்என்னை வைத்து போர்ட்டலில் இருந்து விவரம் கேட்கலாம். ஐஆர்என்னே தெரியாவிட்டால் ஆவண வகை, எண், தேதி மூன்றையும் கொடுத்துக் கேட்கும் ஏபிஐயும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் சில நாள் கெடு இருக்கிறது. கெடு தாண்டினால் `2283` என்று மறுத்துவிடும். அப்புறம் போர்ட்டலில் இருந்து இ-இன்வாய்ஸ் பட்டியலை இறக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே இதை அன்றே முடித்துவிடுங்கள்.

விவரம் கிடைத்துவிட்டால், க்யூஆர் சரத்துக்குள்ளேயே மொத்தத் தொகை இருக்கும். அந்தச் சரம் புள்ளிகளால் பிரிந்த மூன்று பகுதிகள் கொண்டது. அதை `qr` என்ற மாறியில் வைத்து நடுப்பகுதியை அவிழ்த்தால் போதும்:

```python
import base64, json
p = qr.split(".")[1]
p += "=" * (-len(p) % 4)
d = json.loads(base64.urlsafe_b64decode(p))
print(json.loads(d["data"])["TotInvVal"])
```

118000 என்று வந்தால், போர்ட்டலில் இருப்பது பழைய பில். ஐஆர்என் உருவாகி 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் அதை ரத்து செய்துவிட்டு, திருத்திய பில்லைப் புதிய எண்ணில் போடுங்கள். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, காரணம் மேலே சொன்ன ஹேஷ்தான். 24 மணி நேரம் கடந்துவிட்டால், நம் மாட்யூலில் பில்லை 1,18,000க்கே திரும்பக் கொண்டுவந்து, 10,000 மதிப்பும் 1,800 வரியும் சேர்ந்த 11,800 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும். அந்தக் கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பம் வராமலே தடுக்க மாட்யூலில் ஒரு அமைப்பு வேண்டும். அனுப்பி, பதில் வராத பில்லுக்கு "தோல்வி" என்ற நிலை கொடுக்கக் கூடாது. "நிலை தெரியவில்லை" என்று தனி நிலை கொடுத்து, போர்ட்டலில் கேட்டுத் தெளிவாகும்வரை திருத்த முடியாமல் பூட்ட வேண்டும். மென்பொருள் எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய முதல் மாற்றம் இது என்பது என் உறுதியான கருத்து. டைம்அவுட்டை இன்னும் நீட்டிக்கொண்டே போவதால் இது தீராது.

டைம்அவுட் எதுவும் இல்லாமலே `2150` வந்தால் எண் வரிசையைப் பாருங்கள். ஒரே ஜிஎஸ்டிஐஎன்னில் இரண்டு கிளைகள், இரண்டும் ஒரே முன்னெழுத்தோடு 1 முதல் எண்ணுகின்றனவா? யாராவது அவசரத்துக்கு போர்ட்டலில் கையால் ஏற்றிவிட்டார்களா? 2025 ஜூன் 1 முதல் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஐஆர்என் உருவாக்கும்போது ஆவண எண்ணில் உள்ள சிறிய எழுத்துகளைப் போர்ட்டல் பெரிய எழுத்தாக மாற்றிவிடுகிறது. `kv/0412`, `KV/0412` இரண்டும் இப்போது ஒன்று.

## அறிகுறி: ஆவண எண்ணையே ஏற்க மறுக்கிறது

எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து, இலக்கம், `/`, `-` மட்டும்தான் வரலாம். முதல் எழுத்து 0, `/`, `-` ஆக இருக்கக் கூடாது. இஆர்பிநெக்ஸ்ட்டில் நிறுவியவுடன் வரும் `ACC-SINV-2025-00001` என்ற வரிசைக்கே 19 எழுத்து வந்துவிடும். அதனால் முதல் பில் போடும் முன்பே வரிசையை மாற்ற வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கல் திருத்தப் பின்னொட்டு. பில்லை ரத்து செய்து திருத்தினால் சில மாட்யூல்கள் கடைசியில் `-1` சேர்க்கும். வரிசை சரியாக 16 எழுத்தில் இருந்தால், வருடம் முழுக்கச் சரியாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, முதல் திருத்தத்தில் நின்றுவிடும். வரிசையை 13 எழுத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

## அறிகுறி: தொகை பொருந்தவில்லை

`2189` போன்ற எண்களில், மொத்தம் தவறு என்றோ, பொருள்களின் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்றோ வரும். திரையில் பார்த்தால் கணக்கு மிகச் சரியாக இருக்கும். கால்குலேட்டரில் போட்டாலும் சரியாக வரும். இங்கேதான் ஜேசானைத் திறக்க வேண்டும்.

அதிகம் மாட்டுவது பில்லின் அடியில் கொடுக்கும் தள்ளுபடி. இரண்டு பொருள்கள், ஒன்று 60,000, மற்றது 40,000. அடியில் 5,000 தள்ளுபடி, 18 சதவீத ஐஜிஎஸ்டி. மாட்யூல் 95,000க்கு வரி போட்டு 17,100 என்கிறது. மொத்தம் 1,12,100. இதுவரை சரி. ஆனால் ஜேசானில் பொருள்களைத் தள்ளுபடி இல்லாமல் 60,000, 40,000 என்றே எழுதி, வரியை மட்டும் 10,260, 6,840 என்று பிரித்துப் போடுகிறது. தள்ளுபடியைக் கீழே தனியாக எழுதுகிறது:

```json
"ValDtls": {
  "AssVal": 100000, "IgstVal": 17100,
  "Discount": 5000, "TotInvVal": 112100
}
```

மொத்தம் கூட்டினால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் போர்ட்டல் ஒவ்வொரு பொருளையும் தனியாகச் சோதிக்கும். 60,000க்கு 18 சதவீதம் 10,800, நீங்கள் சொல்வது 10,260 என்று நிறுத்திவிடும். ஒரு ரூபாய் வரை வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும், 540 ரூபாயை அல்ல. `ValDtls`இல் உள்ள `Discount` வரி போட்ட பிறகு கழிக்கும் தள்ளுபடி. அது வரியைக் குறைக்காது.

ஆகவே வரிக்கு முந்தைய தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பங்கிட வேண்டும். 60,000க்கு 3,000, 40,000க்கு 2,000. பொருளின் வரிக்கு முந்தைய மதிப்பான `AssAmt` 57,000, 38,000 என்று ஆகும். வரி 10,260, 6,840. `AssVal` 95,000. கீழே `Discount` பூஜ்யம். மொத்தம் அதே 1,12,100, இப்போது போர்ட்டல் ஏற்கும். பங்கிடும்போது பைசா மிஞ்சினால் கடைசிப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாட்யூலில் இந்தப் பங்கீடு இல்லாதபோது, விற்பனையாளர்கள் பொருளின் விலையைக் குறைத்துப் போட்டுச் சமாளிப்பார்கள். போர்ட்டல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தள்ளுபடி கொடுத்ததற்கான சுவடே பில்லில் இருக்காது, மாத அறிக்கையில் விலை சரிந்ததுபோல் தெரியும். அதை வழக்கமாக்காதீர்கள்.

இரண்டாவது, ரவுண்ட் ஆஃப். மாநிலத்துக்குள் ஒரு விற்பனை, மதிப்பு 8,473.50. 18 சதவீதம் 1,525.23. அதை இரண்டாகப் பிரித்தால் 762.615. சில மாட்யூல்கள் மொத்த வரி மாறக் கூடாது என்று 762.62, 762.61 எனப் பிரிக்கும். சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இருக்க வேண்டும் என்பது போர்ட்டலின் விதி, அதனால் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு வரியையும் 9 சதவீதமாகத் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டையும் 762.62 ஆக்க வேண்டும். மொத்தம் 9,998.74. அதை 9,999 ஆக்கினால் `RndOffAmt` 0.26 என்று போக வேண்டும். மாட்யூல் ரவுண்ட் செய்த மொத்தத்தை அனுப்பிவிட்டு `RndOffAmt`ஐக் காலியாக விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: `2172`, அல்லது எந்த வரி என்பதில் தகராறு

`2172` என்றால், மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு ஐஜிஎஸ்டி போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். விற்பவரின் மாநிலக் குறியீட்டையும் `POS` என்ற வழங்கும் இடத்தின் குறியீட்டையும் ஒப்பிட்டுத்தான் போர்ட்டல் இதைச் சொல்கிறது. தமிழ்நாடு 33. இரண்டும் 33 என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வேறு என்றால் ஐஜிஎஸ்டி.

இதில் வரியை மாற்றிவிட்டு மீண்டும் அனுப்புவது எளிது. ஆனால் தவறு வரியில் இருக்கிறதா, `POS`இல் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கோவைக்காரர் பெங்களூர் நிறுவனத்துக்கு விற்கிறார். பெங்களூர்காரர், சரக்கை ஓசூரில் உள்ள தன் வாடிக்கையாளரிடம் நேராக இறக்கிவிடுங்கள் என்கிறார். லாரி தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மாட்யூல் இறக்கும் முகவரியைப் பார்த்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுவிடும். ஐஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 10(1)(b) படி இங்கே வழங்கும் இடம், யார் சொல்லி இறக்கினோமோ அவருடைய முதன்மை வணிக இடம். அதாவது கர்நாடகம், 29. வரி ஐஜிஎஸ்டி. `POS` 29 ஆக இருக்க வேண்டும், ஓசூர் முகவரி `ShipDtls`இல் மட்டும் போக வேண்டும். இறக்கும் முகவரியை வைத்து வரியைத் தீர்மானிக்கும் அமைப்பு உங்கள் மாட்யூலில் இருந்தால், இந்த வகை பில்லில் `POS`ஐயும் 33 என்றே அனுப்பும். அப்போது போர்ட்டல் எந்தப் பிழையும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளக்கூடும். வரி தவறான கணக்கில் போய்ச் சேரும். பிழை வரவில்லை என்பதால் பில் சரி என்று ஆகிவிடாது.

இன்னொன்று, சிறப்புப் பொருளாதார மண்டலம். சென்னையில் இருந்து தாம்பரம் மெப்ஸுக்குள் இருக்கும் நிறுவனத்துக்கு விற்றால், இரண்டும் 33 என்றாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகவே கருதப்படும். மாட்யூல் சரியாக ஐஜிஎஸ்டி போட்டும் `2172` வந்தால், `SupTyp` என்ற இடத்தில் `B2B` என்று போயிருக்கும். வரி செலுத்தி விற்றால் `SEZWP`, எல்யூடி கொடுத்து வரியில்லாமல் விற்றால் `SEZWOP` என்று மாற்ற வேண்டும். இதை பில்லில் மாற்றுவதைவிட, வாடிக்கையாளர் பதிவில் ஜிஎஸ்டி வகையைத் திருத்துங்கள்.

## அறிகுறி: முகவரி, பின்கோடு, ஜிஎஸ்டிஐஎன்

`3039` என்றால் பின்கோடு அந்த மாநிலத்துக்கு உரியதல்ல. தமிழ்நாட்டில் இருந்து விற்பவர்களுக்கு இது புதுச்சேரியால் வரும். புதுச்சேரி 605001, விழுப்புரம் 605602. முதல் மூன்று இலக்கம் ஒன்று, மாநிலக் குறியீடு வேறு: புதுச்சேரிக்கு 34, விழுப்புரத்துக்கு 33. காரைக்காலின் 609602ஐப் பார்த்து, பக்கத்து ஊர்களைப்போல இதுவும் தமிழ்நாடுதான் என்று மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வாங்குபவரின் ஜிஎஸ்டிஐஎன் 34 என்று தொடங்கினால் மாநிலம் புதுச்சேரி, வரி ஐஜிஎஸ்டி. முதல் இரண்டு இலக்கத்தை வைத்தே மாநிலத்தை நிரப்பும்படி மாட்யூலை அமைத்துவிட்டால் இது வரவே வராது. ஜிஎஸ்டிஐஎன்னும் மாநிலமும் மாறுபட்டால் வரும் `2265`உம் கூடவே ஒழியும்.

`3028` என்றால் அந்த ஜிஎஸ்டிஐஎன் இ-இன்வாய்ஸ் அமைப்பில் இல்லை. `3029` என்றால் செயலில் இல்லை. உடனே வாடிக்கையாளரைச் சந்தேகிக்க வேண்டாம். இ-இன்வாய்ஸ் தளம் ஜிஎஸ்டி தளத்தின் பதிவுகளை ஒரு நகலாக வைத்திருக்கிறது. புதிதாகப் பதிவு செய்தவர், ரத்தாகி மீண்டும் உயிர் பெற்றவர் ஆகியோரின் நிலை அந்த நகலில் தாமதமாக மாறும். முதலில் ஜிஎஸ்டி தளத்தில் தேடுங்கள். அங்கே செயலில் இருந்தால், பொதுத் தளத்தில் இருந்து விவரத்தைப் புதுப்பிக்கும் வசதி இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் உண்டு, ஏபிஐயிலும் உண்டு. புதுப்பித்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள். அங்கேயே ரத்து என்று இருந்தால் பில்லை நிறுத்தி வாடிக்கையாளரிடம் பேசுங்கள். ஜிஎஸ்டிஐஎன்னை நீக்கிவிட்டுப் பதிவில்லாதவர் என்று பில் போட்டால் ஐஆர்என்னே தேவைப்படாது, வேலை முடிந்ததுபோல் இருக்கும். அவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காமல் போய், பிரச்சினை உங்களிடமே திரும்பும்.

ஏற்றுமதி பில்லில் பின்கோடு கேட்டு நின்றால், வாங்குபவரின் ஜிஎஸ்டிஐஎன் இடத்தில் `URP`, மாநிலமும் `POS`உம் 96, பின்கோடு 999999 என்று போக வேண்டும்.

## அறிகுறி: எச்எஸ்என் தவறு

5 கோடியைத் தாண்டியவர்கள் ஆறு இலக்க எச்எஸ்என் கொடுக்க வேண்டும். ஈரோட்டில் மஞ்சள் விற்பவர் 091030 என்று சரியாகத்தான் எழுதியிருப்பார். பொருள் பட்டியலை எக்செல்லில் ஏற்றும்போது முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்து 91030 ஆகியிருக்கும். 01 முதல் 09 வரை தொடங்கும் எல்லா எண்களுக்கும் இது நடக்கும். அந்தப் புலத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைக்க வேண்டும். சேவைகளுக்கு எண் 99இல் தொடங்கும், கூடவே `IsServc` என்பது `Y` ஆக இருக்க வேண்டும். பொருளோடு பொருத்தும் கூலியையும் சேர்த்து பில் போடுபவர்கள் அந்த ஒரு வரியில் மாட்டுவார்கள்.

## அறிகுறி: ஐஆர்என் வந்தது, ஈ-வே பில் வரவில்லை

இரண்டையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். ஆனால் போர்ட்டல் அவற்றைத் தனித்தனியாக முடிவு செய்யும். `InfoDtls`இல் `EWBERR` என்று இருந்தால் பில் பதிவாகிவிட்டது, ஈ-வே பில் மட்டும் மறுக்கப்பட்டது. முழு பில்லையும் மீண்டும் அனுப்பினால் `2150`தான் வரும். காரணத்தைத் திருத்திவிட்டு, ஐஆர்என்னை வைத்து ஈ-வே பில் மட்டும் கேட்க வேண்டும். காரணம் பெரும்பாலும் வண்டி எண்ணின் வடிவம், அல்லது தூரம். இரண்டு பின்கோடுகளுக்கு இடையே போர்ட்டல் வைத்திருக்கும் தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிப் போட்டால் ஏற்காது. தூரத்தை 0 என்று அனுப்பினால் போர்ட்டலே கணக்கிட்டுக்கொள்ளும்.

## அறிகுறி: ரத்து செய்ய முடியவில்லை

`2270` என்றால் 24 மணி நேரம் கடந்துவிட்டது. கிரெடிட் நோட்டைத் தவிர ஏபிஐயில் வழி இல்லை. கெடுவுக்குள்ளேயே மறுத்தால், செயலில் உள்ள ஈ-வே பில் இருக்கும். அதை முதலில் ரத்து செய்ய வேண்டும். மாட்யூலில் பில்லை ரத்து செய்தாலே போர்ட்டலிலும் ரத்தாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சில மாட்யூல்களில் இரண்டும் தனி பட்டன்கள். நம்மிடம் ரத்தான பில் போர்ட்டலில் உயிரோடு இருந்தால் அதன் வரி நம் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறிவிடும். மாதம் ஒருமுறை, மாட்யூலில் ரத்தானவற்றின் பட்டியலைப் போர்ட்டல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: க்யூஆர் ஸ்கேன் ஆகவில்லை

சாதாரண போன் ஸ்கேனரில் புரியாத நீண்ட எழுத்துச் சரம் வந்தால் அது கோளாறு அல்ல. கையொப்பமிட்ட சரம் அப்படித்தான் இருக்கும். அதைப் படிக்க என்ஐசி வெளியிட்ட சரிபார்ப்புச் செயலி வேண்டும். அந்தச் செயலியிலும் தவறு என்று வந்தால், தரவுத்தளத்தில் அந்தப் புலத்தின் நீளத்தைப் பாருங்கள். சரம் பல நூறு எழுத்து நீளம். 255 எழுத்துப் புலத்தில் சேமித்தால் வெட்டுப்படும், படம் மட்டும் அழகாக அச்சாகும். புள்ளியால் பிரிந்த மூன்று பகுதிகளும் இருக்கின்றனவா என்று எண்ணினால் தெரிந்துவிடும். சரம் முழுதாக இருந்தும் படிக்கவில்லை என்றால் அச்சின் அளவு போதவில்லை. இவ்வளவு தரவு உள்ள க்யூஆரைப் பில்லின் மூலையில் தபால்தலை அளவில் போட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

## அறிகுறி: பழைய பில் என்று மறுக்கிறது

2025 ஏப்ரல் 1 முதல், 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியில் இருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிரெடிட் நோட்டுக்கும் இதே கெடு. கடந்த பிறகு போர்ட்டல் வாங்காது. மாட்யூலில் வரிசையில் நின்று, யாரும் பார்க்காமல் கிடக்கும் பில்கள்தான் இதில் சிக்கும். ஐஆர்என் இல்லாத, மூன்று நாளுக்கு மேலான பில்களை வடிகட்டி, கணக்குப் பிரிவின் மெயிலுக்குத் தினமும் காலையில் அனுப்பும்படி மாட்யூலிலேயே அமைத்துவிடலாம். பட்டியல் காலியாக இருக்கும் நாளிலும் "எதுவும் இல்லை" என்று மெயில் வரட்டும். மெயிலே வரவில்லை என்றால், அனுப்பும் வேலை நின்றுபோனது அன்றைக்கே தெரிந்துவிடும்.